வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயில் எப்படி எடைபோடுவது: வாங்கும் திறன் சமநிலையை வைத்துக் கணக்குப் போடும் முறை

வெளிநாட்டில் வேலை கிடைத்தவுடன் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். அந்தச் சம்பளத்தை அன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, "அடேயப்பா, இவ்வளவா!" என்று வீட்டில் சொல்வது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர் ஒருவர் வந்து, "அப்படிப் பார்க்கக் கூடாது, பிபிபியில் பார்" என்பார். பிபிபி என்றால் வாங்கும் திறன் சமநிலை. இங்கே இத்தனை ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்களும் சேவைகளும் அங்கே எத்தனை யூரோவுக்குக் கிடைக்கும் என்று பார்த்து, அதிலிருந்து எடுக்கும் விகிதம் அது. அதில் போட்டால் சம்பளம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். இரண்டில் எதை நம்புவது?

ஜெர்மனியிலிருந்து ஒரு வேலைக் கடிதம் வந்தபோது நானும் இந்தக் கேள்வியோடு அலைந்தேன். எண்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எந்த எண், எந்த ஆண்டு, எதோடு எதைப் பெருக்குவது என்பதுதான் ஒரே இடத்தில் எழுதப்பட்டுக் கிடைக்கவில்லை. அதனால் சென்னைக்கும் ஜெர்மனிக்கும் இடையே ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். நாட்டின் பெயரையும் எண்களையும் மாற்றினால் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் இதே முறைதான்.

## 1. முதலில் தாள்களை எடுத்து வையுங்கள்

இந்தியப் பக்கத்துக்கு ஃபார்ம் 16, கடைசி மாதச் சம்பளச் சீட்டு, ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை வேண்டும். வங்கி விவரம் எதற்கு என்றால், நீங்கள் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறீர்கள், எவ்வளவு மிச்சம் பிடிக்கிறீர்கள் என்பது அதில்தான் தெரியும். மனக்கணக்கில் சொல்லும் செலவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

ஜெர்மனிப் பக்கத்துக்கு வேலைக் கடிதம் வேண்டும். அதில் ஆண்டுக்கான மொத்தச் சம்பளம் எழுதியிருக்கும். பிடித்தம் போக எவ்வளவு வரும் என்று அதில் இருக்காது. அது உங்கள் வரி வகுப்பையும் மருத்துவக் காப்பீட்டையும் பொறுத்தது. தனியாக இருப்பவருக்குப் பொதுவாக வரி வகுப்பு 1. இந்த விவரங்களைக் கொடுத்தால் கையில் வரும் தொகையைச் சொல்லும் ஜெர்மன் சம்பளக் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. "brutto netto rechner" என்று தேடுங்கள்.

மொத்தச் சம்பளத்தோடு மொத்தச் சம்பளத்தை ஒப்பிட வேண்டாம். ஜெர்மனியில் வரியோடு ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் சம்பளத்திலேயே பிடிக்கப்படும். நடுத்தரச் சம்பளக்காரருக்கு நூற்றுக்கு 40 வரை போய்விடும். இதை விட்டுவிட்டால் பின்னால் போடும் எந்தக் கணக்கும் தேறாது.

## 2. சரியான எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

உலக வங்கியின் data.worldbank.org தளத்துக்குப் போங்கள். கணக்குத் தொடங்கவோ பணம் கட்டவோ தேவையில்லை. அங்கே பிபிபி என்று தேடினால் பல வரிசைகள் வரும். உங்களுக்கு வேண்டியவை மூன்று.

`PA.NUS.PPP` என்பது நாட்டின் மொத்த உற்பத்திக்கான விகிதம். இதில் அரசு அலுவலகச் செலவு, பாலம் கட்டுவது, எந்திரம் வாங்குவது எல்லாம் அடங்கும். `PA.NUS.PRVT.PP` என்பது குடும்பங்கள் செய்யும் செலவுக்கு மட்டுமான விகிதம். சம்பளத்தை ஒப்பிட இதுதான் பொருத்தம், ஏனென்றால் நீங்கள் பாலம் வாங்கப் போவதில்லை. மூன்றாவது `PA.NUS.FCRF`, அந்த ஆண்டின் சராசரி நாணய மாற்று விகிதம். ஜெர்மனிக்கு நேராக அது காலியாக இருந்தால் யூரோ பகுதி என்ற வரியில் பாருங்கள்.

மூன்றையும் ஒரே ஆண்டுக்கு எடுங்கள். உலாவியில் இப்படி ஒரு முகவரியைத் தட்டினால் இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து வந்துவிடும்:

```
https://api.worldbank.org/v2/country/IN;DE/indicator/PA.NUS.PRVT.PP?date=2017:2024&format=json
```

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எண் இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் கடைகடையாகப் போய் விலை கேட்டு எடுத்தார்கள் என்று தோன்றும். ஜெர்மனிக்கு அது ஓரளவு உண்மை. ஐரோப்பியப் புள்ளியியல் அமைப்பும், வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் ஆண்டுதோறும் கணக்கிடுகின்றன. இந்தியாவுக்கு அப்படியில்லை. சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெரிய விலைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சமீபத்திய சுற்றுகள் 2011, 2017, 2021. இடைப்பட்ட ஆண்டுகளின் எண்கள், இந்தியாவின் விலையேற்றத்தையும் அமெரிக்காவின் விலையேற்றத்தையும் வைத்து நகர்த்திப் பெற்ற மதிப்பீடுகள். முடிவுகள் வெளிவரவும் நாளாகும். 2017 சுற்றின் முடிவு 2020 மே மாதத்திலும், 2021 சுற்றின் முடிவு 2024 மே மாதத்திலும் வந்தன.

புதிய சுற்று வந்ததும் பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்படும். அதனால் போன வருடம் பதிவிறக்கிய கோப்பில் இந்தியாவையும், இன்று பதிவிறக்கியதில் ஜெர்மனியையும் எடுத்துக் கலக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் இறக்குங்கள்.

## 3. இரண்டு நாடுகளையும் நேராக இணையுங்கள்

பட்டியலில் இருக்கும் எண்கள் எல்லாம் அமெரிக்காவை நடுவில் வைத்தவை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய், ஜெர்மனியில் வாங்க எத்தனை யூரோ என்று சொல்பவை. நமக்கு வேண்டியது ரூபாய்க்கும் யூரோவுக்கும் இடையிலான விகிதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு 2017ஐ எடுக்கிறேன், அது நேரடிக் கணக்கெடுப்பு நடந்த ஆண்டு. இந்தியாவின் எண் 20.65 என்று நம் புள்ளியியல் அமைச்சகமே வெளியிட்டது. அந்த ஆண்டின் டாலர் சராசரி 65.12 ரூபாய். ஜெர்மனியின் எண் ஏறக்குறைய 0.74, டாலருக்கு 0.885 யூரோ. இவை மொத்த உற்பத்திக்கான எண்கள். முறையைக் காட்ட இது போதும், உங்கள் கணக்கில் குடும்பச் செலவுக்கான எண்ணைப் போடுங்கள்.

```
பிபிபி விகிதம்   = 20.65 / 0.74  = 27.9 ரூபாய் (ஒரு யூரோவுக்கு)
சந்தை விகிதம்    = 65.12 / 0.885 = 73.6 ரூபாய் (ஒரு யூரோவுக்கு)
விலை மட்டம்      = 27.9 / 73.6   = 0.38
```

கடைசி வரிக்கு என்ன பொருள்? ஜெர்மனியில் 100 யூரோ கேட்கும் பொருள்களும் சேவைகளும் இந்தியாவில், சந்தை விகிதத்தில் மாற்றிய பணத்தில், சராசரியாக 38 யூரோவுக்குக் கிடைத்துவிடும்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள். ஒன்று, யூரோவை முதலில் சந்தை விகிதத்தில் டாலராக்கி, அப்புறம் 20.65ஆல் பெருக்குவது. இப்படிச் செய்தால் ஜெர்மனியின் விலைகள் கணக்கில் வராமலே போய்விடும், அமெரிக்காவில் வசிப்பது போன்ற விடை கிடைக்கும். யூரோ சம்பளத்தை 0.74ஆல்தான் வகுக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தியாவின் விலை மட்டக் குறியீடு 2017ல் 47.55 என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். மேலே உள்ள எண்களை வகுத்தால் 31.7தான் வருகிறது. இரண்டும் சரி. 47.55 என்பது உலகச் சராசரியை 100 என்று வைத்தது, 31.7 என்பது அமெரிக்காவை 100 என்று வைத்தது. எதை 100 என்று வைத்திருக்கிறார்கள் என்று அடிக்குறிப்பில் பார்க்காமல் அந்தக் குறியீட்டைத் தொடாதீர்கள்.

## 4. சம்பளத்தை இரண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சென்னையில் ஆண்டுக்கு 12 லட்சம் வாங்கும் ஒருவருக்கு ஜெர்மனியில் 54,000 யூரோ வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனி ஆள், வரி வகுப்பு 1. 2017 நிலவரப்படி அங்கே கையில் வருவது சுமார் 32,000 யூரோ. இங்கே வரியும் சேமநலநிதியும் போகக் கையில் வருவது 10 லட்சம் என்போம்.

சந்தை விகிதத்தில் 32,000 யூரோ ஏறக்குறைய 23.5 லட்சம் ரூபாய். பிபிபி விகிதத்தில் 8.9 லட்சம். முதல் எண்ணைப் பார்த்தால் உடனே கிளம்பலாம் போலிருக்கும். இரண்டாவதைப் பார்த்தால் சென்னையை விட்டு அசையவே வேண்டாம் என்று தோன்றும். முழுச் சம்பளத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்குவதால்தான் இந்தக் குழப்பம்.

பிபிபி என்பது நீங்கள் இருக்கும் ஊரில் செலவாகும் பணத்துக்கான அளவுகோல். ஊருக்கு அனுப்பும் பணம் ஜெர்மன் கடைகளைப் பார்ப்பதே இல்லை. அது சந்தை விகிதத்தில் ரூபாயாக மாறி, இந்திய விலையில் செலவாகிறது. ஆகவே கையில் வரும் சம்பளத்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விகிதத்தைப் போட வேண்டும்.

நம் ஆள் ஜெர்மனியில் 20,000 யூரோ செலவழித்து 12,000 மிச்சம் பிடிக்கிறார். சென்னையில் 6 லட்சம் செலவழித்து 4 லட்சம் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

செலவுப் பங்கு: 20,000 × 27.9 = 5.58 லட்சம். சென்னையில் 6 லட்சத்துக்கு வாழ்ந்த வாழ்க்கையைவிட ஒரு படி குறைவு.

சேமிப்புப் பங்கு, ஊருக்கு வருமானால்: 12,000 × 73.6 = 8.83 லட்சம். முன்பு பிடித்த மிச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அதாவது அன்றாட வாழ்க்கை கொஞ்சம் இறுக்கமாகும், கையிருப்பு வேகமாக வளரும். ஊரில் வீட்டுக்கடன் இருப்பவருக்கும், தங்கையின் படிப்புக்குப் பணம் அனுப்புபவருக்கும், ஐந்தாறு வருடத்தில் திரும்பி வரப் போகிறவருக்கும் இது நல்ல வாய்ப்பு.

ஆனால் அதே 12,000 யூரோவை அங்கேயே வீடு வாங்கச் சேர்க்கிறார் என்றால் அதையும் பிபிபியில்தான் மாற்ற வேண்டும். அப்போது 3.35 லட்சம்தான் வரும். சென்னையில் பிடித்த 4 லட்சத்தைவிட அது குறைவு. சம்பளம் மாறவில்லை, பணம் கடைசியில் எந்த நாட்டில் செலவாகப் போகிறது என்பது மட்டும் மாறியது, முடிவே தலைகீழாகிவிட்டது. ஆகவே கணிப்பானைத் திறப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது, திரும்பி வரும் எண்ணம் இருக்கிறதா என்பதுதான்.

ஒருமுறைச் செலவுகளும் சந்தை விகிதத்தில்தான் வரும், ஏனென்றால் அவற்றை ரூபாய்ச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறீர்கள். ஜெர்மனியின் நீண்டகால விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ. வீட்டு முன்பணமாகச் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். 600 யூரோ வாடகை என்றால் 1,800 யூரோ, அதாவது 1.32 லட்சம் ரூபாய். பிபிபி விகிதத்தை வைத்து ஐம்பதாயிரம் போதும் என்று புறப்பட்டால் போய் இறங்கியதும் கடன்தான். விமான டிக்கெட்டும் முதல் சம்பளம் வரும்வரையான செலவும் இதே கணக்கில் சேரும்.

## 5. உங்கள் கூடையை வைத்துச் சரிபாருங்கள்

27.9 என்பது நாடு முழுவதற்குமான சராசரி எண். உள்ளே பார்த்தால் பொருளுக்குப் பொருள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மடிக்கணினி, கைப்பேசி போன்றவை உலகம் முழுக்க விற்கப்படுபவை, அவற்றின் விலை இரண்டு ஊரிலும் சந்தை விகிதத்தை ஒட்டியே இருக்கும். முடி வெட்டுவது, வீட்டு வேலைக்கு ஆள், ஹோட்டல் சாப்பாடு, குழாய் ரிப்பேர் போன்றவை மனித உழைப்பு. கூலி குறைந்த நாட்டில் அவை மிக மலிவு. பிபிபிக்கும் சந்தை விகிதத்துக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வருவதற்கு முக்கியக் காரணமே இந்த இரண்டாம் வகைதான்.

இதிலிருந்தே இன்னொரு பொறி தெரிந்துவிடும். "டாலரின் உண்மை மதிப்பு 20 ரூபாய்தான், ரூபாய் சீக்கிரம் அங்கே வரும்" என்று சிலர் சொல்வார்கள், அதை நம்பிப் பணத்தை மாற்றாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. சென்னையில் முடி வெட்டுவது மலிவு என்பதற்காக ஜெர்மன்காரர் யாரும் விமானம் ஏறி வந்து வெட்டிக்கொள்வதில்லை. அந்த விலை வித்தியாசம் நாணயச் சந்தையைத் தொடாது. பிபிபியை நாணய மாற்று விகிதத்துக்கான ஆரூடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? கணக்கை இரண்டு திசையிலும் போட வேண்டும். முதலில், சென்னையில் இப்போது வாழும் அதே வாழ்க்கைக்கு ஜெர்மனியில் என்ன செலவாகும் என்று விலை போடுங்கள். பிறகு, ஜெர்மனியில் அந்தச் சம்பளக்காரர் வாழும் வாழ்க்கைக்குச் சென்னையில் என்ன செலவாகும் என்று போடுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு நண்பரிடம் அவருடைய ஒரு மாதச் செலவுப் பட்டியலைக் கேட்டு வாங்கினால் வேலை சுலபம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் விலைகளும் வாடகை விளம்பரங்களும் இணையத்திலேயே கிடைக்கும். ஒரு மாலை நேரம் போதும்.

ஓர் உதாரணம். சென்னையில் மாதம் 60,000 ரூபாயில் வீட்டு வேலைக்கு ஆள், வாரத்துக்கு நான்கு நாள் வெளிச்சாப்பாடு, அடிக்கடி ஆட்டோ எல்லாம் அடங்கியிருக்கிறது. இதையே ஜெர்மனியில் செய்தால் 2,600 யூரோ ஆகிறது என்று வைப்போம். விகிதம் 23.1. மறுபக்கம், ஜெர்மனியில் மாதம் 2,200 யூரோவுக்கு வாழ்பவர் வீட்டிலேயே சமைக்கிறார், வேலைக்கு ஆள் இல்லை, பாலாடைக்கட்டியும் நல்ல காப்பியும் வாங்குகிறார், குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்குகிறார். அந்த வசதிகளைச் சென்னையில் பெற 80,000 ரூபாய். விகிதம் 36.4.

இரண்டு விடைகளும் இவ்வளவு விலகி நிற்பது தவறு அல்ல. எந்த ஊரிலும் மக்கள் அங்கே மலிவாகக் கிடைப்பதை அதிகம் வாங்குகிறார்கள். அதனால் சென்னைக் கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் ஜெர்மனி படுபயங்கர விலையாகத் தெரியும். ஜெர்மன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் சென்னை அவ்வளவு மலிவாகத் தெரியாது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்:

```
√(23.1 × 36.4) = 29.0
```

இதுதான் உங்களுக்கான எண். சர்வதேசக் கணக்கெடுப்பிலும் இரண்டு நாடுகளை இணைக்க இதே யோசனையைத்தான் அடிப்படையாக வைக்கிறார்கள். உங்கள் எண்ணும் அதிகாரப்பூர்வ எண்ணும் அருகருகே வந்தால் நிம்மதி. ஒன்றரை மடங்கு விலகினால் எங்கோ ஒரு பெரிய செலவு விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது வாடகையாக இருக்கும். ஜெர்மன் விளம்பரங்களில் "கால்ட்மீட்டே" என்பது வெறும் இட வாடகை, "வார்ம்மீட்டே" என்பது வீட்டைச் சூடாக்கும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது. முதலாவதை எடுத்துப் போட்டால் மாதத்துக்குப் பெரிய தொகை காணாமல் போகும்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரே ஒரு பொருளின் விலையை வைத்து முடிவு செய்பவர்களும் இருக்கிறார்கள். மெக்டொனால்ட்ஸின் ஒரே வகை பர்கர் எந்த நாட்டில் என்ன விலை என்று ஒப்பிடும் பர்கர் விலைக் குறியீடு பார்க்கச் சுவாரசியமானது. ஆனால் அந்த நிறுவனம் மாட்டிறைச்சி பர்கர் விற்காத இந்தியாவுக்கு அதில் கோழி பர்கரின் விலையைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதை நம்பி ஒரு குடும்பத்தை இடம் மாற்றக் கூடாது.

## 6. எண்ணில் அடங்காத இரண்டைச் சேருங்கள்

முதலாவது ஊர். இந்தியாவின் எண்ணில் சென்னையும் உண்டு, பீகார் கிராமமும் உண்டு. ஜெர்மனியின் எண்ணில் மியூனிக்கும் உண்டு, கிழக்கே இருக்கும் சிறு நகரமும் உண்டு. மியூனிக்கில் வேலை என்றால் நாட்டுச் சராசரி உங்களை ஏமாற்றும், வித்தியாசத்தில் பெரும்பகுதி வாடகையில்தான். ஐந்தாம் படியின் கூடையில் அந்தக் குறிப்பிட்ட ஊரின் வாடகையைப் போட்டீர்கள் என்றால் இது சரியாகிவிடும்.

இரண்டாவது, அரசு கொடுப்பவை. ஜெர்மனியில் அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, மருத்துவக் காப்பீடு சம்பளப் பிடித்தத்திலேயே முடிந்துவிடுகிறது. நாம் கையில் வரும் தொகையிலிருந்து தொடங்கியதால் அந்தப் பிடித்தம் முழுவதும் நஷ்டம் போலத் தெரிகிறது. குழந்தை இருப்பவர்கள், சென்னையில் பள்ளிக் கட்டணத்துக்கும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கும் கட்டும் தொகையைச் சென்னைச் செலவிலிருந்து தனியாக எடுத்து எழுதிப் பாருங்கள். 12 லட்சக்காரருக்கு இரண்டு குழந்தைகள் இருந்தால் அது மட்டுமே தராசைச் சாய்க்கும். தனி ஆளுக்கு அவ்வளவு வித்தியாசம் வராது.

## 7. எப்போது மறுபடி போட வேண்டும்

பிபிபி விகிதம் மெதுவாக நகர்வது. ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பன்னாட்டு நாணய நிதியம் ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதிய மதிப்பீடுகளை வெளியிடுகிறது, அவை வந்தபின் ஒருமுறை பாருங்கள். சந்தை விகிதம் அப்படியல்ல, சில மாதங்களிலேயே நூற்றுக்கு ஐந்து, பத்து என்று ஆடும். அது முக்கியமாகப் பாதிப்பது உங்கள் சேமிப்புப் பங்கைத்தான். ஆகவே முடிவெடுக்கும் முன் நான்காம் படியின் சேமிப்பு வரியை, யூரோ பத்து சதவீதம் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 8.83 லட்சம் 7.95 லட்சமாகும், அப்போதும் பழைய 4 லட்சத்தைவிட வெகு தூரம் மேலே. உங்கள் கணக்கில் அந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் சம்பளத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கேளுங்கள். எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதையும் இதே தாளில் பின்னோக்கிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.